மேலே யார் பெயர்?

அமலோற்பவத்துக்கு எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் மண்டையில் ஏறும். முட்டாள் என்று சொல்லவில்லை. வெப்ப இயக்கவியலை அவள் நடத்தினால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். ஆனால் மனிதர்கள் பேசுவதுதான் அவளைக் குழப்பும். கேன்டீன் மாஸ்டர் "டீ ஆறிப் போச்சுங்க" என்றால், "அப்ப குடிக்கலாமா, கூடாதா?" என்று நின்று கேட்பாள். அவரும் குழம்பிப்போய் புது டீ போட்டுக் கொடுத்துவிடுவார்.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். முதலில் வேலை பார்த்த கல்லூரியில் பிள்ளைகள் சேராமல் போய், ஒருநாள் வாசலில் பூட்டைப் போட்டுவிட்டார்கள். கணவர் கப்பலில். ஆறாவது படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் திருச்செங்கோட்டுக்கு வந்து, மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். நான் கணக்கு வாத்தியாரம்மா, பெயர் தங்கமணி. பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே ஸ்கூட்டர். அதனால் அவள் குழப்பத்தில் பாதி எனக்கும் வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் கல்லூரியின் தொழில்நுட்ப விழாவை அவள் தலையில் கட்டினார்கள். விழாவுக்குப் பெயர் 'சுழல்'. அதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? மனுஷன் மேசை டிராயரில் காய்ந்துபோன இரண்டு மார்க்கர் பேனாவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

தாளாளர் அவளைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். நான் கூட இருந்தேன்.

"பாதிச் செலவு மேனேஜ்மென்ட்டு குடுக்கும். மீதி ஸ்பான்சர்ல வரோணும். டைட்டில் ஸ்பான்சர் ஒருத்தரப் புடிச்சீங்கன்னாத்தான் விழா. வெளிக் காலேஜ்ல இருந்து பசங்க வந்தாத்தான் நம்ம பேரு வெளிய போவும், அட்மிசன் வரும். உங்க கன்ஃபர்மேசன் ஆர்டரு என் மேசை மேலதான் கெடக்குது மேடம். விழா முடியட்டும், பாக்கலாம்."

வெளியே வந்ததும் அமலோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, விழா நடக்கலேன்னா வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு சொல்லுதாவளா? இல்ல, சும்மா பேச்சுக்குச் சொல்லுதாவளா?"

"தூக்கிருவாரு," என்றேன். இதில் குழப்பம் எதற்கு?

அவள் உட்கார்ந்து ப்ரபோசல் தயாரித்தாள். நன்றாகவே தயாரித்தாள், அதில் குறை சொல்ல முடியாது. முதல் பக்கம் விழா எதற்கு என்பது. அடுத்து யார் வருவார்கள்: சேலம், நாமக்கல், ஈரோடு, தர்மபுரியிலிருந்து நாற்பது கல்லூரிகள், ஆயிரத்துக்குமேல் மாணவர்கள், கூட வரும் ஆசிரியர்கள், பெற்றோர். அதற்குப் பிறகு பணம் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று படிப்படியாக ஒரு அட்டவணை. டைட்டில் ஸ்பான்சர் என்றால் ஒன்றரை லட்சம். விழாவின் பெயருக்கு மேலேயே உங்கள் பெயர், மேடைப் பேனரில், சான்றிதழில், பனியனில் எல்லாம், மேடையேறிப் பரிசும் கொடுக்கலாம். அதற்குக் கீழே கோல்டு, சில்வர், பிரான்ஸ், கடைசியில் வெறும் ஸ்டால். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, பேனரில் அதற்குத் தகுந்த அளவில் பெயர். பின்னால் வரவு செலவுத் திட்டம், காசோலை யார் பெயருக்கு, ரசீது எப்படி, முதல்வர் கையெழுத்து. "உங்கள் தொழில் ஆயிரம் பேர் கண்ணில் படும்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தாள்.

அதை ஊரில் இருக்கும் பெரிய கடை, பட்டறை, ரிக் ஆபீஸ், பேக்கரி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மறுநாளிலிருந்து நாங்கள் நேரில் கிளம்பினோம்.

முதலில் போனது அத்தியப்பன் கடைக்கு. போர் போடுகிற ரிக் வண்டிகளுக்கு பாறையைத் துளைக்கும் சுத்தியல், பிட்டு, ராடு விற்கிறவர். பஜாரில் நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். எங்களை உட்காரவைத்து, பஜ்ஜி வாங்கிவரச் சொல்லி, ப்ரபோசலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க அம்மிணி. படமெல்லாம் ஜோரா இருக்குது. சரி, மேல யாருங்க?"

"மேல காலியாத்தான் இருக்கு சார். நீங்களே எடுத்துக்கிடலாம்," என்று அமலோ பூரித்துப்போய்ச் சொன்னாள்.

அத்தியப்பன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். "அய்யய்யோ, அது நமக்கெதுக்குங்க. மேல ஆருன்னு ஆகட்டும். கீழ எங்கியாச்சும் நம்ம பேர எழுதிக்கலாம்."

"அப்ப சில்வர்னு எழுதிக்கிடட்டுமா சார்?"

"மேல ஆகட்டுங்க."

"கோல்டு?"

"பஜ்ஜி சாப்புடுங்க அம்மிணி. ஆறுது."

பேக்கரிக்காரர் அதையே சொன்னார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அதையே சொன்னார்கள். ஜவுளிக்கடையில் கோல்டு எடுக்கிறேன் என்று பேனாவைக் கூடத் திறந்துவிட்டு, "மேல யாருங்க?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோரும் டீ கொடுத்தார்கள். ஒருத்தரும் பணம் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் வயிற்றுக்குள் டீ தளும்புகிற சத்தம் கேட்டிருக்கும், வண்டிச் சத்தம் இல்லாமல் இருந்தால்.

"யக்கா, இவ்வோ தருவாவளா மாட்டாவளா?"

"எனக்கும் வெளங்கல அமலோ."

நிஜமாகவே விளங்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் நான் கணக்குத் துறை. எங்களிடம் யாரும் விழாவுக்குப் பணம் கேட்டுவரச் சொன்னதில்லை.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது சேலத்தில் ஒரு பைக் ஷோரூம் மேலாளர், யாரோ அனுப்பிய ப்ரபோசலைப் பார்த்துவிட்டுத் தானாகவே போன் செய்தார். டைட்டில் எடுத்துக்கொள்கிறோம், தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டுவிட்டது என்றார். அமலோ ஆசிரியர் அறை என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள். சிலுவை போட்டுக்கொண்டு, மகளுக்குப் போன் செய்து, ராத்திரி புரோட்டா என்று அறிவித்தாள்.

மறுநாள் சந்தோஷமாக அத்தியப்பன் கடைக்குப் போனோம்.

"சார், மேல ஆயிட்டு. இப்ப நீங்க எழுதலாம்."

"ஆருங்க?"

சொன்னாள். அத்தியப்பன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தடவை பஜ்ஜி வரவில்லை.

"சேலத்துக்காரருங்களா. சரீங்க. அப்ப கருமண்ணன் அண்ணன் என்ன ஆனாருங்க?"

"யார் சார் அது?"

"நல்லா இருக்குது போங்க," என்றார். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க அம்மிணி. கீழ எங்கியாச்சும் எழுதிக்கலாம்னு சொல்லீருந்தன்ல, அதையும் அடிச்சுருங்க."

சாயங்காலத்துக்குள் பேக்கரியும் பட்டறையும் எங்களுக்கும் வேண்டாம் என்று போன் செய்துவிட்டார்கள். மேலே ஆள் இல்லாதபோது வராதவர்கள், ஆள் வந்ததும் ஓடுகிறார்கள். அமலோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேலத்துப் பணம் ஒன்றை வைத்துக்கொண்டு விழா நடத்த முடியாது. சாப்பாடு, பரிசு, பந்தல் எல்லாம் கீழே இருக்கும் பெயர்களை நம்பித்தான் இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் ஊர்க்காரர்களை என்னாலேயே தாங்க முடியவில்லை.

பழைய விழாப் படங்களை எடுத்துப் பார்த்தோம். போன வருஷம் மேடைப் பேனரில் மேலே 'கருமண்ணன் ரிக்ஸ் வழங்கும்'. அதற்கு முந்தைய வருஷமும் அதே. அதற்கும் முந்தைய வருஷமும் அதே, எழுத்து மட்டும் வேறு நிறம். அந்தப் பேனருக்குக் கீழே உட்கார்ந்து நானே மூன்று வருஷம் கொட்டாவி விட்டிருக்கிறேன். பேனர் என்றுதான் பார்த்தேனே தவிர, அதில் ஒரு மனுஷர் இருப்பது எனக்குத் தோன்றவில்லை.

"அவருக்கும் ப்ரபோசல் அனுப்பிருக்கேனே யக்கா. எல்லாருக்கும் அனுப்புன அன்னைக்கே. அவ்வோதான் பதிலே போடல."

கருமண்ணன் ஆபீஸ் சங்ககிரி ரோட்டில் இருந்தது. முன்னால் பெரிய காலி இடம். ஒரு ரிக் வண்டியும் அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் வண்டியும் நின்றன. ரிக் வண்டியின் சக்கரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியச் செடி. முன் டயர் ஒன்று தரையோடு படிந்திருந்தது. பேட்டரிப் பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே பேட்டரி இல்லை. முன்பெல்லாம் எங்கள் ஊர் ரிக் ஆபீஸ்களில் வண்டி நிற்கவே நிற்காது. ராஜஸ்தானில் ஒன்று, சத்தீஸ்கரில் ஒன்று என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

வெள்ளை வேட்டி சட்டையில் அறுபது வயது மனிதர் எழுந்து கும்பிட்டார். "வாங்க அம்மிணி, உக்காருங்க." மோர் வந்தது. கருவேப்பிலை போட்ட நல்ல மோர்.

அமலோ ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வந்துச்சுங்க. போன்ல வந்துச்சு. எல்லாருத்துக்கும் வந்தாப்பல எனக்கும் வந்துச்சு. வெலை போட்டு வந்துச்சுங்க."

"அது அட்டவணை சார். ஒவ்வொரு நிலைக்கும்..."

"முன்னால இருந்த வாத்தியாரு தட்டுல வெத்தல பாக்கு வெச்சு மொதல்ல இங்க வருவாருங்க. தேதி இன்னதுங்கன்னு சொல்லுவாரு. அப்பறந்தான் பஜாருக்குப் போவாரு. எத்தனைன்னு நான் கேட்டதுமில்ல, அவரு சொன்னதுமில்ல. கொறையறத நம்ம போட்டுருவம்."

"சார், இந்த வருஷம் உங்களுக்கு டைட்டில் வேணும்ங்கியளா, வேண்டாம்ங்கியளா?"

நான் அவள் காலை மிதித்தேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது.

"நம்முளுது நம்முளுதுதானுங்களே. அதையென்ன வேணும் வேண்டாம்னு. நீங்க ஆருக்கு வேணும்னாலும் குடுங்க. மோர் குடிங்க அம்மிணி."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றோம். அமலோவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"யக்கா, எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. அவ்வோளுதுங்காவ. யாருக்கு வேணும்னாலும் குடுங்காவ. எதக்கா எடுத்துக்கிட?"

எனக்கு அந்த டயர்தான் கண்ணில் நின்றது. "அவருகிட்ட பணம் இல்லை அமலோ. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. விட்டுக்குடுக்கவும் மனசு வரலை."

அவள் திரும்பி அந்த ரிக் வண்டியைப் பார்த்தாள். பிறகு சம்பந்தமில்லாமல் தன் ஊர் மாதா கோயில் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பத்து நாள் திருவிழாவில் ஆறாம் நாள் ஒரு குடும்பத்துக்காம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் செலவுதான். ஒரு வருஷம் அந்த வீட்டுப் படகு கடலோடு போய்விட்டது. வேறு நாலு வீட்டுக்காரர்கள் போட்டு ஆறாம் நாளை நடத்தினார்கள். ஆனால் ஒலிபெருக்கியில் சொன்னது பழைய பெயரைத்தான். வேறு பெயரைச் சொல்லியிருந்தால் அன்று ஊரில் ஒருத்தரும் கோயிலுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

"நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன் பாருங்கக்கா. ஆறாம் நாளுக்கு விலைப் பட்டியல் அடிச்சு, ஊருக்கெல்லாம் அனுப்பிருக்கேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் என்னவோ போல் இருந்தது. எங்கள் மலைக்கோயில் தேருக்கு எந்த நாள் எந்த மண்டபம் யாருடையது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கல்லூரி விழாவுக்கும் இவர்கள் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தி கடற்கரையிலிருந்து வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் சேலத்து மேலாளரிடம் போனில் பேசினாள். கூச்சத்தோடு, சுற்றி வளைத்து, டைட்டிலைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டாள். அவர் சேலம் நகரத்து ஆள், வியாபாரத்தில் கறார்.

"மேடம், பேரு மேல வந்தா என்ன, கீழ வந்தா என்ன? எனக்கு வாசல்ல இடம் வேணும். வர்ற பசங்க எல்லாரும் என் வண்டியத் தாண்டித்தான் உள்ள போகணும். ஓட்டிப் பாக்கணும்னு வர்றவங்க நம்பர நாங்க எழுதிக்குவோம். அத மட்டும் குடுங்க, பேசுன தொகைல ஒரு ரூபா குறைக்க மாட்டேன்."

வாசல் இடத்தை அவருக்கென்று எழுதி, புதிதாக ஒரு கடிதம் கொடுத்தாள். அதே தொகைக்குக் காசோலை வந்தது. இதையெல்லாம் தாளாளரிடம் சொல்லவில்லை. "கேட்டா வேண்டாம்னுருவாவ," என்றாள். பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்திருந்தவள் அந்த வாரம் எனக்குப் புதிதாகத் தெரிந்தாள். வேலை போனால் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று மகளிடமும் சொல்லிவைத்தாள்.

ப்ரபோசலைத் திருத்தினாள். டைட்டில் வரிசையில் இருந்த விலையை எடுத்துவிட்டாள். எதிரே 'கருமண்ணன் ரிக்ஸ்' என்று மட்டும் போட்டாள். பித்தளைத் தட்டு என் வீட்டுடையது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே முதல் அழைப்பிதழ். பூ வைக்கலாமா, தேங்காய் வைக்கலாமா என்று வழியெல்லாம் கேட்டு என் உயிரை வாங்கினாள்.

கருமண்ணன் தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று மேல்துண்டைச் சரிசெய்தார். அழைப்பிதழை எடுத்து தூரப் பிடித்துப் படித்தார்.

"எத்தனைங்க அம்மிணி?" என்றார் மெதுவாக.

"அதுக்கு விலை போடல சார். தேதி சொல்லத்தான் வந்தோம்."

அழைப்பிதழை மடக்கி மேசைமேல் வைத்தார். உள்ளே போனார். திரும்பி வந்து தட்டில் ஒரு நூறு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டினார். கண் எங்களைப் பார்க்கவில்லை. அமலோ கல்லூரி ரசீதுப் புத்தகத்தை எடுத்து, அந்தத் தொகைக்கு ரசீது எழுதிக் கொடுத்தாள். அதையும் அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக அத்தியப்பன் கடை.

"மேல யாருங்க?"

"கருமண்ணன் ரிக்ஸ் சார்."

"பின்ன என்னங்க. நம்மள கோல்டுல போடுங்க." பஜ்ஜி வந்தது. காசோலையும் வந்தது. கருமண்ணன் எத்தனை கொடுத்தார் என்று அத்தியப்பன் கேட்கவில்லை. பேக்கரிக்காரர் விழாவின் சிற்றுண்டி முழுவதையுமே ஏற்றுக்கொண்டார். நாலு நாளில் பேனரில் பெயர் போட இடம் போதவில்லை.

விழா அன்று காலையில் இன்னொரு கூத்து. வாசலில் சேலத்து ஷோரூம்காரர் ரிப்பன் கட்டி பைக்குகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். ரோட்டிலிருந்து நீளமாக ஹாரன். பார்த்தால் கருமண்ணனின் ரிக் வண்டி. கழுவித் துடைத்து, முன்னால் சாமந்தி மாலை, நாலு எலுமிச்சம்பழம். டிரைவருக்குப் பக்கத்தில் அவரே உட்கார்ந்திருந்தார். அமலோ ஓடினாள்.

"சார், வண்டி வருதுன்னு சொல்லவே இல்லியே. எங்க நிறுத்த?"

"மேடையில நம்ம பேரு இருக்கைல நம்ம வண்டி ரோட்டுல நிக்கறதுங்களா?"

"இது என் இடம் மேடம், எழுதிக் குடுத்திருக்கீங்க," என்று ஷோரூம்காரர் கடிதத்தை ஆட்டினார்.

அமலோ இரண்டு பேரையும் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் பைக்குகளுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் விட்டார்கள். புல்வெளி அதோடு போயிற்று. கம்ப்ரஸர் வண்டி வராததால் துளை போட முடியாது. ஆனால் மணிக்கு ஒரு தரம் இன்ஜினைப் போட்டு, வண்டிமேல் படுத்திருக்கும் மாஸ்ட் என்கிற நீள இரும்புக் கம்பத்தை மெல்லத் தூக்கி நிமிர்த்திக் காட்டினார்கள். பிள்ளைகள் போட்டிக்குப் பேப்பர் வாசிப்பதை விட்டுவிட்டு அங்கே போய் நின்றார்கள். அதைப் பார்க்க வந்த கூட்டம் பைக்குகளைத் தாண்டித்தான் வந்தது. ஷோரூம்காரர் நம்பர் எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்றார். கூட்டத்தில் ஒரு ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். நடுவர் என்று நினைத்து அமலோ அவருக்கும் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தாள். போட்டிக்கு வந்த தர்மபுரிப் பெண் ஒருத்தியின் அப்பா அவர்.

மேடையில் கருமண்ணன் பரிசு கொடுத்தார். பேசச் சொன்னபோது "எல்லாரும் நல்லாப் படிங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

கணக்கு முடிக்கும் நாள் வந்தது. தாளாளர் ரசீதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கருமண்ணன் ரசீதில் கை நின்றது.

"டைட்டில் ஸ்பான்சரு... நூத்தியொண்ணுங்களா?"

"ஆமா சார்." அமலோவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சேலத்துக் காசோலை, வாசல் இடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "தப்புன்னா நான் போயிருதேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கல்லூரி கட்டுவதற்கு முன்னால் அவரும் ரிக் வண்டி ஓட்டியவர்தான்.

"அந்த வண்டியப் பாத்தனுங்க. டயரு ரண்டு புதுசு. பேட்டரி புதுசு. டீசலப் போட்டு, ஓடாத வண்டிய ஓட வெச்சுக் கொண்டாந்து நிறுத்தோணும்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? அந்தப் பணத்துல அவரு நோகாம ஒரு கோல்டு ஸ்பான்சரே ஆயிருக்கலாம், அத்தனை செலவு ஆயிருக்கும். பொண்டாட்டி வளையல் எந்த அடகுக் கடையில இருக்குதோ."

"ரசீத மாத்தி எழுதணுமா சார்?"

"என்னத்தன்னு எழுதுவீங்க? விடுங்க." ரசீதைக் கோப்பில் சேர்த்தார். மேசைமேல் கிடந்த கவரை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வேலை உறுதி ஆணை. வராந்தாவில் நின்று இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னையும் ஒரு தடவை படிக்கச் சொன்னாள்.

"வாங்கக்கா, போவோம்."

"வீட்டுக்கா? பாப்பாகிட்ட சொல்ல வேண்டாமா?"

"மொதல்ல அங்க. மொதல்ல அங்கதான போணும்?"

சங்ககிரி ரோட்டில் திரும்பியதும் தெரிந்தது. காலி இடம் நிஜமாகவே காலியாக இருந்தது. ரிக் வண்டியும் இல்லை, கம்ப்ரஸர் வண்டியும் இல்லை. இரண்டு நீளப் பட்டையாக மண் மட்டும் கறுத்திருந்தது, சுற்றிலும் பார்த்தீனியம். வண்டி வேலைக்குப் போய்விட்டது என்று அமலோ முகம் மலர்ந்தாள்.

கருமண்ணன் வாசலுக்கே வந்தார். ஆணையை வாங்கிப் படித்து, "சந்தோசமுங்க அம்மிணி, நல்லா இருங்க," என்றார்.

"வண்டி எந்த ஊருக்கு சார் போயிருக்கு?"

"வித்தாச்சுங்க. உங்க விழாவுல பாத்துட்டு தர்மபுரிக்காரரு ஒருத்தரு மறுநாளே வந்துட்டாரு. ரண்டு வருசமா சும்மா கூட ஆரும் கேக்காத வண்டி. நல்ல வெலைங்க. நீங்க போட்டிருந்தீங்கள்ல, ஆயரம் பேரு கண்ணுல படும்னு. பட்டுருச்சுங்க."

கடன் அடைந்திருக்கும். அந்த வளையல் திரும்பியிருக்கும். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது; பார்த்தேன். ஆனால் பேசும்போது அவர் கை அந்தக் கறுத்த மண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. வாழ்த்துச் சொல்வதா, துக்கம் விசாரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அமலோ வாயைத் திறந்து மூடினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மோர் வந்தது. குடித்தோம். கிளம்பும்போது அவர் ஸ்கூட்டர் வரைக்கும் கூட வந்தார்.

"அடுத்த வருசமும் நம்முளுதுதானுங்களே, அம்மிணி?"

"உங்களுதுதான் சார்," என்றாள் அமலோ. "தட்டு எடுத்துட்டு மொதல்ல இங்கதான் வருவோம்."